குனியச் சொன்னால் முதுகு வளைகிறது: கோப்லெட் ஸ்குவாட்டிலிருந்து ஆர்.டி.எல். வரை பிழை நீக்கும் வழிமுறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பயிற்சி அளிக்கும் சிறிய உடற்பயிற்சிக் கூடத்துக்குத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெண்மணி வருகிறார். வயது 36, தொழில் தையல். முதல் இரண்டு வாரங்களில் 8 கிலோ டம்பெல்லை மார்போடு அணைத்துக்கொண்டு குந்தி எழும் கோப்லெட் ஸ்குவாட்டை 10 முறை வீதம் 3 செட் தடுமாறாமல் முடித்துவிட்டார். மூன்றாம் வாரம் அவர் கையில் இரண்டு 5 கிலோ டம்பெல்களைக் கொடுத்து, ரொமேனியன் டெட்லிஃப்டை ஒருமுறை செய்துகாட்டி, இடுப்பை மடக்கிக் கீழே போகச் சொன்னேன். அவர் முதுகை வில்லாக வளைத்து, முழங்காலையும் முன்னால் தள்ளி, டம்பெல்களைப் பாதத்துக்கு ஒரு சாண் முன்னே தொங்கவிட்டு நின்றார். திருத்த வாயெடுத்தேன். “மாஸ்டர், இடுப்பைத்தானே மடக்கச் சொன்னீங்க, மடக்கிட்டேனே” என்றார்.

அவர் சொன்னது சரிதான். நம் பேச்சில் இடுப்பு என்றால் கைலியை முடிகிற இடம், புடவையைச் செருகுகிற இடம். இடுப்புவலி என்று ஒருவர் சொன்னால் அவர் கையை வைத்துக் காட்டுவது கீழ்முதுகில். அந்த இடத்தை மடக்கச் சொன்னால் முதுகெலும்பு வளையாமல் வேறென்ன செய்யும்? நமக்கு மடியவேண்டியது அதற்கு ஒரு சாண் கீழே, தொடை உடலோடு சேருகிற மூட்டில். ஆங்கிலத்தில் அந்த அசைவுக்குக் கதவின் கீலைப் பெயராக வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘தொடை மடிப்பு’ என்று சொல்லிக் கற்பித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அன்றுமுதல் என் கூடத்தில் ‘இடுப்பை மடக்கு’ என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை.

செய்துபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நேராக நின்று, இரு உள்ளங்கைகளின் ஓரத்தையும், அதாவது சுண்டுவிரல் பக்கத்தை, தொடை தொடங்கும் மடிப்பில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். பிறகு அந்த மடிப்புக்குள் கை நசுங்கும்படி பிட்டத்தைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கை நசுங்கினால் மடிவது மூட்டு. கை விடுபட்டே இருந்து முதுகு மட்டும் கீழே போனால் மடிவது முதுகு. எதிரே நிற்பவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கையே சொல்லிவிடும். பயிற்றுநர் ஆணாகவும் பயில்பவர் பெண்ணாகவும் இருக்கும் நம் கூடங்களில், தொட்டுத் திருத்தாமல் கற்பிக்க இது பெரிய வசதி.

ஏணியின் படிகள்

கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு அறிகுறிக்கும் ‘ஒரு படி இறங்குங்கள்’ என்று வரும் என்பதால், படிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். முதற்படி கோப்லெட் ஸ்குவாட். இரண்டாவது, கனமின்றிச் சுவரைப் பிட்டத்தால் தொடுதல். மூன்றாவது, முதுகில் குழாயை வைத்துக்கொண்டு மடிதல். நான்காவது, ஸ்குவாட்டில் பிடித்த அதே டம்பெல்லை அதே பிடியில் மார்போடு அணைத்தபடி மடிதல். ஐந்தாவது, இரு டம்பெல்களுடன் ரொமேனியன் டெட்லிஃப்ட், கூடத்துப் பேச்சில் ஆர்.டி.எல். ஆறாவது, அதையே பார் என்ற நீள இரும்புத்தண்டுடன் செய்தல்.

ஏணியின் இரு முனைகளுக்கும் தனித்தனிக் கதை உண்டு. கோப்லெட் ஸ்குவாட்டைப் பரப்பியவர் டான் ஜான் என்ற அமெரிக்கப் பயிற்றுநர். கழுத்தில் பாரைச் சுமந்து சரியாக உட்காரத் தெரியாத மாணவர்களுக்காக, கனத்தை உடலின் முன்பக்கம் கோப்பையைப் பிடிப்பதுபோல் பிடிக்கச் செய்தார். மறுமுனையில் உள்ள லிஃப்ட் ருமேனியப் பளுதூக்கும் வீரர் நிக்கு விளாதுவுடன் சேர்த்துப் பேசப்படுவது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், பின்னாளில் அமெரிக்காவில் தன் பயிற்சியின் ஒரு பகுதியாக இதைச் செய்ததைப் பார்த்தவர்கள் அவருடைய நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பாரைத் தரையில் வைக்காமல், நின்ற நிலையிலிருந்து இறக்கி, பாதியிலேயே திரும்பி எழுவது அதன் அடையாளம்.

முதற்படியிலிருந்து எவை மேற்படிக்கு வரும், எவை வரக்கூடாது என்பதில்தான் தொடக்கநிலையாளர்களின் பிழைகளில் பெரும்பாலானவை ஒளிந்திருக்கின்றன. வயிற்றைச் சுற்றிலும் காற்றை நிரப்பி உடலை இறுக்குவது, பெருவிரல் அடியும் சுண்டுவிரல் அடியும் குதிகாலும் ஒருசேரத் தரையில் பதிவது, மார்பெலும்பு சரியாமல் காப்பது ஆகிய மூன்றும் அப்படியே வரவேண்டும். வரக்கூடாதது முழங்காலின் பயணம். ஸ்குவாட்டில் முழங்கால் முன்னே போய்த்தான் ஆகவேண்டும். ஆர்.டி.எல்.லில் அது தொடக்கத்தில் 15 முதல் 20 பாகை தளர்ந்து, பிறகு இறங்கி ஏறும் நேரம் முழுவதும் அதே கோணத்தில் நிற்கவேண்டும்.

காரணம் பின்தொடைத் தசையின் அமைப்பில் இருக்கிறது. அந்தத் தசைகள் நாம் உட்காரும்போது பலகையில் அழுந்துகிற எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி அதற்குக் கீழே சென்று முடிகின்றன. ஆகவே இரண்டு மூட்டுகளைக் கடக்கிற கயிறு என்று அவற்றை நினைத்துக்கொள்ளலாம். குந்தும்போது மேல்முனை இழுபடுகிறது, கீழ்முனை தளர்கிறது. கூட்டிக் கழித்தால் கயிற்றின் நீளம் அதிகம் மாறுவதில்லை. முழங்காலை நிறுத்திவிட்டுத் தொடை மடிப்பில் மட்டும் மடிந்தால் மேல்முனை இழுபடுகிறது, கீழே விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை, கயிறு விறைக்கிறது. அந்த விறைப்பே ஆர்.டி.எல்.லின் பயன். பழகாத உடல் அந்த விறைப்பிலிருந்து நழுவப் பார்க்கும். நழுவ அதற்கு இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று முழங்காலை முன்னே விடுவது, மற்றது கீழ்முதுகை வளைப்பது. இனி வரும் அறிகுறிகளில் முதல் இரண்டும் இவைதாம்.

பார்ப்பது எப்படி

முன்னால் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. பக்கவாட்டில், ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி, தொடை மடிப்பின் உயரத்தில் கைப்பேசியை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துப் பதிவு செய்யுங்கள். முதல் ரெப், அதாவது முதல்முறை இறங்கி எழுவது, பார்ப்பவருக்காகச் செய்யப்படுவது. மூன்றாவதும் நான்காவதும்தான் உண்மையைச் சொல்லும். தலையணை போன்ற அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணியோடு வந்திருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். வெறுங்காலில் நிற்பது நமக்கொன்றும் புதிதல்ல, பாதத்தின் அழுத்தம் எங்கே இருக்கிறது என்று உணர அதைவிட நல்ல வழியும் இல்லை.

பல பிழைகள் ஒன்றாகத் தெரிந்தால் முழங்காலை முதலில் திருத்துங்கள், கனம் செல்லும் பாதையை அடுத்துத் திருத்துங்கள், எவ்வளவு இறங்குவது என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஒரே பிழையை இருமுறை திருத்த நேரும்.

அறிகுறி: ஆர்.டி.எல். சொன்னால் ஸ்குவாட் வருகிறது

பதிவில் பார்த்தால் முன்காலெலும்பு முன்னே சாய்கிறது, பிட்டம் பின்னே போவதற்குப் பதிலாக நேரே கீழே இறங்குகிறது, டம்பெல்கள் முழங்காலில் முட்டி அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பயில்பவரைக் கேட்டால் முன்தொடை எரிகிறது என்பார். இரண்டு வாரம் ஸ்குவாட்டை மட்டும் நன்றாகப் பழகியவருக்கு இது வருவது இயல்பு.

இரண்டாம் படிக்கு இறங்குங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி, குதிகாலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் விட்டு நிற்கச் செய்து, பிட்டத்தால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். தொட்டதும் இரண்டு விரற்கடை முன்னே நகர்ந்து மறுபடி தொடவேண்டும். இப்படி நகர்ந்துகொண்டே போனால் ஓரிடத்தில், முழங்காலைக் கூடுதலாக மடக்காமல் சுவர் எட்டாது. அதற்கு ஒரு விரற்கடை முந்தைய இடமே இன்றைக்கு அவருடைய அளவு. கூட்டமான டவுன் பஸ்ஸில் முன்னால் நிற்பவர்மேல் இடித்துவிடாமல் பிட்டத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோமே, அதே அசைவு என்று சொன்னால் கடலூரில் பெரும்பாலோருக்கு உடனே விளங்கிவிடுகிறது.

சுவர் பின்னே போகக் கற்றுக்கொடுக்கும், முழங்கால் முன்னே வருவதை அது தடுக்காது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரு முன்காலெலும்பையும் ஸ்டூலின் விளிம்பு தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து, மடிந்து எழச் சொல்லுங்கள். முழங்கால் முன்னே வந்தால் ஸ்டூல் தரையில் சத்தத்தோடு நகரும். நான் வாயைத் திறந்து இருபது முறை சொல்வதைவிட அந்தக் கிரீச் ஒலி ஒருமுறை எழுவது நன்றாக வேலை செய்கிறது.

அடுத்து, நான்காம் படியின் உண்மையான பயன் இங்கேதான். ஒரே டம்பெல்லை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு ரெப் ஸ்குவாட், அடுத்த ரெப் மடிதல், மறுபடி ஸ்குவாட் என்று மாற்றி மாற்றி 6 ரெப் செய்யச் சொல்லுங்கள். பிடியும் கனமும் ஒன்றாகவே இருப்பதால், மாறுவது முழங்கால் மட்டுமே என்பது உடலுக்கே புரிகிறது. மார்பில் கனத்தை வைத்து முன்னே சாய்வது மேல்முதுகுக்குக் கடினம், ஆகவே ஸ்குவாட்டில் தூக்கியதில் பாதிக் கனம் போதும். இதில் கனத்தை ஏற்றிக்கொண்டே போவதால் பயனில்லை.

அறிகுறி: கீழ்முதுகு வளைகிறது

இது ஒரே தோற்றமுள்ள இரண்டு வேறு பிழைகள். வேறுபடுத்தாமல் திருத்தினால் வாரக்கணக்கில் வீணாகும், எனவே இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது வகையில் முதுகு தொடக்கத்திலேயே வளைந்துவிடும். கை தொடையின் பாதியைக்கூடத் தாண்டியிராது, கீழ்முதுகு உருண்டிருக்கும். இவருக்கு முதுகை ஒரே பலகையாக வைத்துக்கொண்டு நகரும் பழக்கம் இன்னும் வரவில்லை. இரண்டாவது வகையில் முதுகு முழங்கால்வரை நேராக வந்து, அதற்குக் கீழே போகும்போது மட்டும் வளையும். இவருக்குப் பழக்கம் இருக்கிறது, பின்தொடையின் நீளம் தீர்ந்துபோயிற்று. கயிறு முடிந்த பிறகும் கீழே போக நினைப்பதால் முதுகு ஈடுகட்டுகிறது.

எது என்று ஐயம் வந்தால், முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டு அதே ஆழத்துக்கு இறங்கச் சொல்லிப் பாருங்கள். கயிற்றின் கீழ்முனை தளர்வதால், நீளக் குறைவே காரணம் என்றால் வளைவு மறைந்துவிடும். முழங்காலை மடக்கியும் முதுகு வளைந்தே இருந்தால் கட்டுப்பாடுதான் குறை. இந்தச் சோதனைக்காக மடக்கிய முழங்காலை அப்படியே விட்டுவிடாதீர்கள். அது முந்தைய பிழையில் கொண்டுபோய் விடும்.

கட்டுப்பாட்டுக் குறைக்கு மூன்றாம் படி. ஒரு அங்குல பி.வி.சி. குழாயை 4 அடி நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் செய்பவருக்கு மாப் குச்சியே போதும். தலையின் பின்புறம், தோள்பட்டைகளின் நடு, பிட்டங்களுக்கு இடையிலுள்ள எலும்பு என மூன்று இடங்களில் குழாய் படும்படி ஒரு கையால் கழுத்தின் பின்னாலும் மறு கையால் கீழ்முதுகின் பின்னாலும் பிடித்துக்கொள்ளவேண்டும். கீழ்முதுகுக்கும் குழாய்க்கும் இடையே உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். மடியும்போது அந்த இடைவெளி மறைந்து கை அழுந்தினால் முதுகு வளைந்துவிட்டது. மாறாக இடைவெளி பெருத்து முழு முட்டிக்கையும் நுழைந்தால், முதுகை அளவுக்கு மீறி உள்வளைக்கிறார் என்று பொருள். தலை குழாயிலிருந்து விலகினால் அவர் கண்ணாடியைப் பார்க்கிறார், அவ்வளவுதான். அவரைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள்.

நீளக் குறைக்குத் திருத்தம் இன்னும் எளிது, ஆனால் பயில்பவர் ஏற்றுக்கொள்வதுதான் அரிது. இறங்குவதை நிறுத்த வேண்டும், அவ்வளவே. பிட்டம் பின்னே போவது எந்தக் கணத்தில் நிற்கிறதோ அதுவே அன்றைய அடிமட்டம். அதற்குப் பிறகு கை கீழே போனால் போவது முதுகின் செலவில். கை தரையைத் தொட்டால்தான் முழுமை என்ற எண்ணம் பள்ளியில் நாம் செய்த டிரில்லிலிருந்து வந்தது. ஆர்.டி.எல்.லில் முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே பார் வந்தாலே பலருக்கு அது முழு அசைவு. மூன்று நொடியில் மெதுவாக இறங்கி அடிமட்டத்தில் ஒரு நொடி நின்று எழுவதை வாரம் இருமுறை பழகினால், அந்த அடிமட்டம் தானே கீழே இறங்கிக்கொண்டு வரும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லவேண்டும். பின்தொடையில் இழுவை பட்டை பட்டையாகத் தெரிவது வேறு, பிட்டத்திலிருந்து கெண்டைக்கால்வரை மின்சாரம் பாய்வதுபோல் ஒற்றைக் கோடாக வலி இறங்குவது வேறு. இரண்டாவது வந்தாலோ, பாதத்தில் மரப்பு இருந்தாலோ, இருமும்போது அந்த வலி கூடினாலோ, அது பயிற்றுநர் திருத்தும் பிழை அன்று. கனத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அறிகுறி: பின்தொடையில் ஒன்றும் தெரியவில்லை, கீழ்முதுகு களைத்துப்போகிறது

முழங்கால் சரி, முதுகும் நேராக இருக்கிறது, ஆனாலும் செட் முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். (அவர் பிடிப்பது கீழ்முதுகை என்பதைச் சொல்லத் தேவையில்லை.) பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் கனம் காலைவிட்டு விலகியிருக்கும்.

விலகினால் என்ன ஆகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். 20 கிலோ பார் தொடை மூட்டிலிருந்து 25 செ.மீ. முன்னால் இருக்கும்போது முதுகும் பிட்டமும் ஒரு குறிப்பிட்ட முறுக்குவிசையைத் தாங்குகின்றன. அதே பார் இன்னும் 10 செ.மீ. விலகி 35 செ.மீ.க்குப் போய்விட்டால், 28 கிலோ பாரை முதலில் இருந்த இடத்தில் வைத்துத் தூக்குவதற்குச் சமமாகிவிடுகிறது. கனத்தை ஏற்றாமலேயே எட்டு கிலோ கூடிவிட்டது. கிணற்று வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

திருத்தத்துக்கு, டம்பெல்கள் தொடையைத் தடவிக்கொண்டே இறங்கவேண்டும் என்று சொல்லுங்கள். சலவைக்காரர் வேட்டியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவுவதுபோல், தொடையின் முன்புறத்தை முழங்கால்வரை கனத்தால் நீவிச் செல்லவேண்டும். கால்சட்டைத் துணியில் கனம் உரசும் ஒலி கேட்கவேண்டும், ஒலி நின்றால் கனம் விலகிவிட்டது. அக்குளில் மடித்த செய்தித்தாள் ஒன்று இருப்பதாகவும் அது விழக்கூடாது என்றும் எண்ணிக்கொள்ளச் சொன்னால், தோள்கள் கீழிறங்கிக் கை தானாகக் காலோடு ஒட்டும். இந்தத் திருத்தம் ஒட்டாதவருக்கு, கனத்தைக் குறைக்காமல் இறங்கும் ஆழத்தைக் குறைத்துப் பார்க்கவேண்டும். முழங்காலுக்கு மேலேயே நிறுத்தினால் விலக இடமே இருக்காது.

கனம் ஒட்டியிருந்தும் முதுகு களைத்தால், ரெப்பின் உச்சியைப் பாருங்கள். எழுந்து முடித்ததும் வயிற்றை முன்னே தள்ளிப் பின்னால் சாய்பவர்கள் உண்டு. நேராக நின்று பிட்டத்தை இறுக்கினால் அசைவு முடிந்தது. அதற்கு மேல் சாய்வது கீழ்முதுகை ஒவ்வொரு ரெப்பிலும் ஒருமுறை நசுக்குவதுதான்.

அறிகுறி: குதிகால் எழும்புகிறது, அல்லது கால்விரல்கள் எழும்புகின்றன

குதிகால் எழும்பினால் கனம் முன்னே விலகியிருக்கும், மேலே சொன்னபடி திருத்தினால் இதுவும் சரியாகும். விரல்கள் எழும்பினால், பின்னே தள்ளச் சொன்னதை மிகையாகப் பிடித்துக்கொண்டு குதிகாலில் உட்காரப் பார்க்கிறார். பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அதை அழுத்திக்கொண்டே மடியச் சொல்லுங்கள்.

தையற்கலைஞருக்கு நடந்தது

அவரிடம் மேலே சொன்ன முதல் மூன்று அறிகுறிகளும் ஒரே நேரத்தில் இருந்தன. டம்பெல்களை வாங்கி வைத்துவிட்டு, கையைத் தொடை மடிப்பில் வைத்து நசுக்கிப் பார்க்கச் சொன்னேன். “இங்கயா மாஸ்டர்? இது தொடையாச்சே” என்றார். அதன்பின் சுவர், அதன்பின் ஸ்டூல். அன்றைய வகுப்பு முழுவதும் கனமே இல்லை.

அடுத்த வகுப்பில் ஸ்டூல் நகரவில்லை, முழங்கால் நின்றுவிட்டது. ஆனால் முன்பைவிட மேலேயே, முழங்காலுக்கு ஒரு கையகலம் மேலே கை இருக்கும்போதே முதுகு வளையத் தொடங்கியது. பின்னடைவு என்று அவர் நினைத்தார், நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் இது புதிய பிழை இல்லை. முழங்கால் முன்னே போய்க்கொண்டிருந்தவரை கயிற்றின் கீழ்முனை தளர்ந்தே இருந்தது, ஆகவே நீளக் குறைவு வெளியே தெரியவில்லை. முழங்காலை நிறுத்தியதும் அது தெரிய வந்தது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கிச் சோதித்தபோது வளைவு மறைந்தது ஐயத்தைத் தீர்த்தது. நாளெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பவர் அவர். ஆனாலும் அதுவே காரணம் என்று நான் அறுதியிடமாட்டேன், நாள் முழுக்க நிற்பவர்களிடமும் இதே குறையைப் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் சில்லின் மேல்விளிம்பை அவருக்கு அடிமட்டமாக வைத்தோம். நான்காம், ஐந்தாம் வாரங்களில் 4 கிலோ டம்பெல்லை மார்போடு அணைத்து மடிதல், 8 ரெப் வீதம் 3 செட், ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் குழாயுடன் 10 ரெப். ஆறாம் வாரம் மறுபடி இரண்டு 5 கிலோ டம்பெல்கள். இம்முறை மறுநாள் காலையில் பிட்டத்துக்குக் கீழே, பின்தொடையின் மேற்பகுதியில் வலிக்கிறது என்றார். கீழ்முதுகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வலி இரண்டு நாளில் தணிந்தது. ஏழாம் வாரம் இரண்டு 7.5 கிலோ, அடிமட்டம் முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே.

எட்டாம் வாரம் பார். எங்கள் கூடத்தில் ஒல்லியான 10 கிலோ பார் ஒன்று இருக்கிறது, இருபுறமும் 5 கிலோ பிளேட் போட்டு 20 கிலோவாக்கினோம். ரேக் காலியாக இல்லாததால் பெஞ்சின் குறுக்கே பாரை வைத்து அங்கிருந்து எடுக்கச் சொன்னேன். தரையிலிருந்து எடுக்க வைத்திருந்தால், சிறிய பிளேட்டுகளோடு பார் மிகத் தாழ்வாக இருந்து, அவருடைய அடிமட்டத்துக்கு வெகு கீழே முதல் ரெப்பே வளைந்த முதுகோடு தொடங்கியிருக்கும்.

பார் தொடையை உரசும் ஒலி முதல் ஐந்து ரெப்பில் தெளிவாகக் கேட்டது. ஏழாவதில் நின்றது. பதிவைப் பார்த்தபோது முதுகும் முழங்காலும் அசையவில்லை. கடலோரக் காற்றின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து, பார் விரல்நுனிக்கு நழுவி, அதைப் பிடித்து நிறுத்தத் தோள் முன்னே போயிருந்தது. சாக்குப்பொடி கொடுத்தேன், அடுத்த செட்டில் எட்டாவதுவரை ஒலி வந்தது. அதற்கடுத்ததில் மறுபடி ஏழாவதிலேயே நின்றுவிட்டது. இப்போதைக்கு அவருடைய செட் 6 ரெப், நான்கு செட். “எட்டு பண்ண முடியும் மாஸ்டர்” என்கிறார். உரசும் ஒலி எட்டுவரை கேட்கும் வாரத்தில் செய்யட்டும்.